சீட்டு ஒருமுறைதான் குலுக்கப்படுகிறது

கேள்வி: "ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட் வளாகத்தில் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று சர்வே எடுக்கிறோம். வீட்டுப் பட்டியல் கையில் இருக்கிறது. 1 முதல் 8 வரை ஒரு ரேண்டம் எண் எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு எட்டாவது வீடாகப் போகலாம் என்று நினைத்தோம். பட்டியலில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் சுழற்சி இருந்தால் ஆபத்து என்கிறார் கைடு. தொடக்கமே ரேண்டம் என்றால் பட்டியல் எப்படி இருந்தால் என்ன?"

உங்கள் கைடு சொல்வதில் பெரிய விஷயம் இருக்கிறது. எந்த எண்ணில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறீர்கள், சரி. அதற்குப் பிறகு வரும் வீடுகளில் ஒன்றுகூடச் சீட்டில் வருவதில்லை. முதல் வீடு விழுந்த நொடியிலேயே மற்ற எல்லாமும் முடிவாகிவிடுகின்றன. ரேண்டம் என்பது முறைசார் சாம்பிள் எனப்படும் இந்த முறையில் ஒரே ஒரு தடவை நடக்கும் செயல். பட்டியலின் வரிசை அவ்வளவு முக்கியமாகிவிடுவது இதனால்தான்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் பட்டியலில் 320 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 40 வீடுகள் வேண்டும். 320-ஐ 40-ஆல் வகுத்தால் இடைவெளி 8. சீட்டில் 3 விழுந்தால் 3, 11, 19, 27 என்று போய் 315-இல் முடியும். 5 விழுந்தால் 5, 13, 21 என்று போகும். அப்படியானால் மொத்தம் எத்தனை சாம்பிள்கள் சாத்தியம்? எட்டே எட்டு. 320 வீடுகளிலிருந்து 40-ஐ, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகச் சீட்டெடுக்கும் எளிய ரேண்டம் முறையில் தேர்ந்தெடுத்தால் எழுதி முடிக்க முடியாத அளவு சேர்க்கைகள் வரும். இங்கே பட்டியல் எட்டுக் கட்டுகளாக முன்பே பிரிந்து கிடக்கிறது. நீங்கள் ஒரு கட்டை மட்டும் உருவுகிறீர்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பது உண்மை. ரேண்டம் தொடக்கம் அந்த உத்தரவாதத்தைக் கட்டாயம் தருகிறது. எந்த வீடும் விடுபடவில்லை, எதற்கும் கூடுதல் சலுகை இல்லை. ஆனால் வீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் வாய்ப்பைப் பாருங்கள். 3-ஆம் வீடும் 4-ஆம் வீடும் ஒரே சாம்பிளில் வரவே வராது. 3 வந்தால் 11 கட்டாயம் வரும். இந்த ஜோடி விவகாரத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிளாக், ஒவ்வொன்றிலும் எட்டு மாடி, மாடிக்கு எட்டு வீடு. பட்டியல் A101, A102 என்று தொடங்கி A108 வரை போய், அடுத்த மாடிக்கு A201 என்று ஏறும். நீளமான நடைபாதையின் இரண்டு முனைகளிலும் இருக்கும் 01, 08 வீடுகள் மூன்று படுக்கையறை கொண்டவை. நடுவில் உள்ள ஆறும் இரண்டு படுக்கையறை வீடுகள். இது நானாக வைத்துக்கொண்ட அமைப்புதான், ஆனால் பல வளாகங்களில் முனை வீடு பெரிதாக இருப்பது வழக்கம். முனை வீட்டில் ஒரு நாளைக்கு 700 லிட்டர், நடு வீட்டில் 500 லிட்டர் செலவாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், மொத்த வளாகத்தின் உண்மையான சராசரி 550.

உங்கள் இடைவெளியும் 8, மாடியில் உள்ள வீடுகளும் 8. சீட்டில் 1 விழுந்தால் என்ன ஆகும்? A101, A201, A301 என்று நாற்பது மாடியிலும் அதே முதல் முனை வீடு. சராசரி 700. 8 விழுந்தாலும் அதேதான், எதிர் முனை வீடுகள். 2 முதல் 7 வரை எது விழுந்தாலும் நாற்பதும் நடு வீடுகள், சராசரி 500. எட்டுத் தொடக்கங்களில் இரண்டு 700 என்கின்றன, ஆறு 500 என்கின்றன. 550-க்குப் பக்கத்தில் வரும் தொடக்கம் ஒன்றுகூட இல்லை.

இந்த எட்டு விடைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியாக 550 வரும். பாடப்புத்தகம் இந்த முறையைச் சாய்வற்றது என்று சொல்வது இந்த அர்த்தத்தில்தான், அது பொய்யில்லை. ஆனால் எட்டுத் தொடக்கத்தையும் நீங்கள் செய்யப்போவதில்லை, ஒன்றைத்தான் செய்வீர்கள். அந்த ஒன்று சராசரியாக எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைத் திட்டப்பிழை சொல்லும். இங்கே அது சுமார் 87 லிட்டர். இதே 40 வீடுகளை எளிய ரேண்டம் முறையில் எடுத்திருந்தால் சுமார் 13 லிட்டர்தான் வந்திருக்கும். அதே செலவு, அதே நடை, அதே 40 கதவுகள். பிழை மட்டும் ஆறு மடங்குக்கு மேல்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அடுத்த கட்டம். சர்வே முடிந்து வந்து உட்கார்ந்து கணக்குப் போடும்போது உங்கள் டேட்டா எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா நடு வீடும் துல்லியமாக 500 செலவழிக்காது, 430, 480, 560 என்று சிதறிக் கிடக்கும். அந்தச் சிதறலின் திட்டவிலக்கம் 60 என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சூத்திரத்தில் திட்டப்பிழை சுமார் 9 லிட்டர் வரும். 95 சதவீத நம்பிக்கை எல்லைகள் 482 முதல் 518 வரை என்று அழகாக எழுதிவிடுவீர்கள். உண்மையான 550 அதற்குள் இல்லை. முனை வீடுகள் விழுந்திருந்தால் 682 முதல் 718 வரை என்று எழுதியிருப்பீர்கள். அதிலும் இல்லை. எந்தத் தொடக்கம் விழுந்தாலும் எல்லைகள் உண்மையைத் தவறவிடும், அதுவும் முழு நம்பிக்கையோடு. சாம்பிளுக்குள் இருக்கும் எல்லா வீடும் ஒரே சாயலில் இருப்பதால் சிதறல் குறைவாகத் தெரிகிறது. குறைந்த சிதறலைப் பார்த்து, நல்ல சாம்பிள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கையில் இருக்கும் 40 விடைத்தாள்களை எவ்வளவு புரட்டினாலும், விடுபட்ட வகை எது என்று அவற்றிலிருந்து தெரியாது. மறைந்திருக்கும் ஆபத்து என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரே ஒரு ரேண்டம் தொடக்கத்தோடு எடுத்த முறைசார் சாம்பிளிலிருந்து அதன் பிழையைச் சாய்வில்லாமல் மதிப்பிட வழியே கிடையாது, பட்டியலில் சுழற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எட்டுக் கட்டுகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, கட்டுகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று எப்படிச் சொல்வது? வில்லியம் மேடோவும் லில்லியன் மேடோவும் 1944-இல் இந்த முறையின் கோட்பாட்டை எழுதியபோது கணக்கு இங்கேதான் வந்து நின்றது: ஒரே கட்டுக்குள் விழும் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே பிழை அமைகிறது. கட்டுக்குள் எல்லா வகையும் கலந்திருந்தால் எளிய ரேண்டம் முறையைவிட நன்றாக வரும். ஒரே வகை குவிந்திருந்தால் மோசமாகப் போகும்.

இதைப் படித்துவிட்டு முறையையே கைவிட்டுவிடாதீர்கள். பிரதான சாலையிலிருந்து உள்ளே போகப்போக வசதி குறைகிற ஓர் ஊரில், சாலையோரம் தொடங்கி வரிசையாக வீட்டுப் பட்டியல் எடுத்திருந்தால், ஒவ்வொரு எட்டாவது வீடும் சாலையோரம், நடு ஊர், ஊர்க்கடைசி என்று எல்லாவற்றையும் தொட்டுவிடும். அங்கே இது எளிய ரேண்டம் முறையைத் தோற்கடிக்கும். படிப்படியாக ஏறும் அல்லது இறங்கும் பட்டியல் இந்த முறைக்கு நண்பன். திரும்பத் திரும்ப வரும் பட்டியல்தான் பகை, அதுவும் திரும்பி வரும் நீளம் இடைவெளியோடு பொருந்தினால் மட்டும்.

அந்தப் பொருத்தத்தை உங்கள் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். இடைவெளியை 8-இலிருந்து 7-ஆக மாற்றுங்கள். 1-இல் தொடங்கினால் முதல் வீடு 01. அடுத்தது எட்டாவது, அதாவது அதே மாடியின் 08. அதற்கடுத்தது பதினைந்தாவது, அடுத்த மாடியின் 07. பிறகு 06, 05 என்று ஒவ்வொரு எடுப்புக்கும் ஓர் இடம் நழுவிக்கொண்டே போகும். எட்டு முறை எடுத்தால் எட்டு இடமும் வந்துவிடும். 320 என்பது 7-ஆல் மீதியின்றி வகுபடாததால் 46 அல்லது 45 வீடுகள் கிடைக்கும். ஏழு தொடக்கங்களையும் போட்டுப் பார்த்தேன்: ஐந்தில் சராசரி 552, இரண்டில் 544. உண்மை 550. ஒரே ஓர் எண் மாற்றத்தில் 87 லிட்டர் பிழை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

சாம்பிளைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றலாம். இடைவெளி 4 என்று வைத்து 80 வீடுகளுக்குப் போனால், சாம்பிளில் வருவது மாடியின் இரண்டே இடங்கள். 1-இல் தொடங்கினால் 01-ம் 05-ம், சராசரி 600. 2-இல் தொடங்கினால் 02-ம் 06-ம், சராசரி 500. இரட்டிப்பு வேலை செய்தும் 50 லிட்டர் தள்ளியே நிற்கிறோம். இடைவெளிக்கும் சுழற்சி நீளத்துக்கும் பொதுவான வகு எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குச் சில இடங்களிலேயே சாம்பிள் மாட்டிக்கொள்ளும். 7-க்கும் 8-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகு எண் இல்லை, அதனால் எல்லா இடமும் வந்தன. சில புத்தகங்களில், சுழற்சியின் பாதி நீளத்தின் ஒற்றைப்படை மடங்கை இடைவெளியாக வைத்தால் மேடும் பள்ளமும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று இருக்கும். அலை போலச் சீராக ஏறி இறங்கும் பட்டியலுக்கு அது சரி. 8-இல் பாதி 4, அதைத்தான் இப்போது பார்த்தோம். மாடியில் இரண்டு முனை மட்டும் உயர்ந்து நிற்கும் அமைப்புக்கு அந்த விதி உதவவில்லை.

இது பாடப்புத்தக விளையாட்டு இல்லை என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. அங்கே சாம்பிள் முறை கணக்கெடுப்புக்குள் வந்தது அந்த ஆண்டில்தான். கணக்கெடுப்பாளர் கையில் இருந்த பெரிய தாளில் ஒரு பக்கத்துக்கு 40 வரிகள், வரிக்கு ஓர் ஆள். எல்லாரிடமும் கேட்கும் கேள்விகளைத் தவிர, தாய்மொழி, பெற்றோர் பிறந்த நாடு போன்ற சில கூடுதல் கேள்விகளை 5 சதவீதம் பேரிடம் மட்டும் கேட்க முடிவு செய்தார்கள். பக்கத்துக்கு இரண்டு வரிகளை அச்சிலேயே குறித்துவிட்டார்கள். அந்த வரியில் யார் பெயர் விழுகிறதோ அவரிடம் கூடுதல் கேள்விகள். நாற்பதில் இரண்டு, ஆக 5 சதவீதம்.

இங்கே சிக்கல் எங்கே வரும் என்று பாருங்கள். கணக்கெடுப்பாளர் தெரு முனை வீட்டிலிருந்து தொடங்குவார். முதல் வரியில் அந்த வீட்டின் குடும்பத் தலைவர், அடுத்த வரியில் மனைவி, பிறகு பிள்ளைகள். தாளின் மேல் வரிகளில் குடும்பத் தலைவர்களும் முனை வீட்டுக்காரர்களும் வழக்கத்தைவிட அதிகமாக விழுவார்கள். குறித்த வரி எப்போதும் மேலே இருந்தால் தலைவர்கள் கூடிவிடுவார்கள். எப்போதும் நடுவில் இருந்தால் குறைந்துவிடுவார்கள். தாளின் நீளம்தான் சுழற்சி, அதே நீளம்தான் இடைவெளி. உங்கள் எட்டு வீட்டு மாடிதான் அங்கே நாற்பது வரித் தாளாக இருந்தது.

அதை வடிவமைத்த ஸ்டீஃபன், டெமிங், ஹேன்சன் மூவரும் இதை முன்பே யோசித்திருந்தார்கள். ஒரே மாதிரித் தாளை நாடு முழுக்க அனுப்பாமல், குறித்த வரிகள் வெவ்வேறாக இருக்கும் ஐந்து வகைத் தாள்களை அச்சிட்டார்கள். பெரும்பாலான தாள்களில் முன்பக்கம் 14-ஆம் வரியும் 29-ஆம் வரியும் சாம்பிள். மற்ற வகைகளில் தாளின் ஓரங்களை ஒட்டிய வரிகளும் வந்தன, மேல் வரிகளும் தங்களுக்குரிய பங்கோடு உள்ளே வரட்டும் என்பதற்காக. ஒரே தொடக்கத்தை நம்பாமல் பல தொடக்கங்களைக் கலப்பது என்ற மருந்தை அச்சகத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வீடு வீடாக எழுதும் பட்டியலில் கணவர், மனைவி, பிள்ளை என்று ஒழுங்கு வந்தாலும், ஒரு வீட்டில் மூன்று பேர், இன்னொன்றில் ஆறு பேர் என்று இருப்பதால் அந்த ஒழுங்கு சீக்கிரமே தாளம் தப்பிவிடும். அதனால் ஆபத்து குறையும். தாளம் தப்பாத சுழற்சிகள் பெரும்பாலும் மனிதன் போட்ட கட்டத்திலிருந்து வருபவை: ஒரே மாதிரி மாடிகள், அச்சுத் தாள், 24 குழாய்கள் கொண்ட பாட்டில் நிரப்பும் இயந்திரம், காலண்டர். அந்த இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு 24-ஆவது பாட்டிலையும் சோதித்தால், ஒரே குழாயை நாள் முழுக்கச் சோதித்துவிட்டு மற்ற 23-ஐப் பார்க்காமலே விட்டிருப்பீர்கள். காலண்டரில் சுழற்சி ஏழு நாள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் காற்றுத் தூசு அளவீடுகளில் ஆறு நாளைக்கு ஒருமுறை என்று ஓர் அட்டவணை உண்டு. 6-க்கும் 7-க்கும் பொது வகு எண் இல்லாததால், ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமை பின்னால் நழுவிக்கொண்டே போய், 42 நாளில் எல்லாக் கிழமையும் ஒருமுறை வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால், ஞாயிறு போக்குவரத்தின் காற்றையோ திங்கள் போக்குவரத்தின் காற்றையோ மட்டும் ஆண்டு முழுக்க அளந்திருப்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். களத்துக்குப் போவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, பத்து நிமிட வேலை. தண்ணீர் செலவு உங்களுக்கு இப்போது தெரியாது. ஆனால் பட்டியலில் வேறு ஏதாவது தெரிந்திருக்கும், உதாரணமாக வீட்டின் சதுர அடி. அந்தச் சதுர அடிக்கு எல்லாத் தொடக்கங்களின் சராசரியையும் போட்டுப் பாருங்கள். ஒரு தொடக்கம் இல்லை, எல்லாமும். பட்டியல் முழுவதும் கையில் இருப்பதால் இது முடியும்.

```python
import pandas as pd
d = pd.read_csv("veedugal.csv")   # பட்டியலின் வரிசை மாறாமல்
for k in (8, 7):
    print(k, d.groupby(d.index % k)["sqft"].mean().round().tolist())
```

முனை வீடு 1200 சதுர அடி, நடு வீடு 850 என்றால், 8-க்கு 1200, 850, 850 என்று தொடங்கி மீண்டும் 1200-இல் முடியும். 7-க்கு 941 ஐந்து முறை, 928 இரண்டு முறை வரும். உண்மையான சராசரி 937.5. முதல் வரியைப் பார்த்தவுடனேயே 8 கூடாது என்று தெரிந்துவிடும். சதுர அடியும் இல்லையென்றால், பட்டியலை அச்செடுத்து எட்டு எட்டாக மடித்து வைத்துப் பாருங்கள். அதோடு பட்டியலைத் தயாரித்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வரிசையில் எழுதினீர்கள், மாடிக்கு எத்தனை வீடு? நான் பார்த்த ஒரு வளாகத்தின் பட்டியலில் ஒன்று விட்டு ஒரு மாடியை எதிர்த்திசையில் எழுதியிருந்தார்கள், லிஃப்டில் ஏறி இறங்கி நடந்த வழியிலேயே. அங்கே சுழற்சியின் நீளம் 8 இல்லை, 16. இதைப் பட்டியலை எழுதியவர்தான் சொன்னார்.

இடைவெளியை மாற்றுவது ஒரு வழி. அது நீங்கள் கண்டுபிடித்த சுழற்சிக்கு மட்டும் மருந்து. கண்டுபிடிக்காமல் விட்ட சுழற்சிக்கு எனக்குப் பிடித்த வழி, பல தொடக்கங்கள் எடுப்பது. 40 வீடு வேண்டும் என்றால் இடைவெளியை 80 ஆக்குங்கள். 1 முதல் 80 வரை பத்து வெவ்வேறு ரேண்டம் எண்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 80 விட்டு 80 போனால் நாலு வீடு, மொத்தம் நாற்பது. 80-உம் 8-இன் மடங்குதான், அதனால் ஒவ்வொரு குட்டி சாம்பிளும் ஒரே இடத்தில்தான் மாட்டும். ஆனால் இப்போது பத்து சராசரிகள் கையில் இருக்கும்: 500, 500, 700, 500, 700 என்று. பார்த்த மாத்திரத்தில் பட்டியலில் ஏதோ இருக்கிறது என்று கத்தும். அந்தப் பத்துக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்தே திட்டப்பிழையைப் போடலாம். அது சுமார் 26 லிட்டர் வரும், எளிய ரேண்டம் முறையின் 13-ஐவிட அதிகம்தான். ஆனாலும் அது உண்மையான 26, முன்பு வந்த 9 போல ஏமாற்றாது. ஒரே ஆய்வை ஒன்றிலிருந்து ஒன்று விலகிய குட்டி சாம்பிள்களாகப் பிரித்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து பிழையை அறியும் இந்த யோசனையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் மகலனோபிஸ். வங்காளத்துச் சணல் பயிர் சர்வேக்களில் அவர் இதைப் பயன்படுத்தினார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதில் எதையும் செய்யமாட்டேன், ஏனென்றால் உங்கள் சுழற்சி எதுவென்று உங்களுக்கே தெரியும். மாடி என்பது கண்ணெதிரே இருக்கும் எல்லைக்கோடு. நாற்பது மாடிக்கும் நாற்பது முறை தனித்தனியாக 1 முதல் 8 வரை எண் எடுங்கள், மாடிக்கு ஒரு வீடு. வளாகம் முழுக்கப் பரவல் கிடைக்கும், எந்த மாடியும் விடுபடாது, திட்டப்பிழை 14 லிட்டருக்குள் நிற்கும். களப்பணியாளருக்கு நடையும் அதிகமாகாது. நாற்பது எண்களையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்து, வீட்டு எண்ணோடு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். "எட்டில் ஏதாவது ஒன்று" என்று அவரிடமே விட்டால், லிஃப்ட்டுக்குப் பக்கத்து வீடுதான் அடிக்கடி வரும்.